“பெண்கள் சபையில் பேசக்கூடாது”: 1 கொரிந்தியர் 14:34-35-ஐ ஐயநோக்கோடு வாசிப்பது எப்படி?

பெண்ணிய ஐயநோக்கு விளக்கவியல் என்ற பெயரைக் கேட்டதும், இது பெரிய கோட்பாட்டு விவகாரம் என்று தோன்றும். நான் இதைப் படித்தபோது கோட்பாடு நிறையக் கிடைத்தது. ஒரு வசனத்தைக் கையில் எடுத்து உட்கார்ந்தால் முதலில் என்ன செய்வது, அப்புறம் என்ன செய்வது என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. திணறித்தான் ஒரு வழி பிடிபட்டது. அந்த வழியை ஒரே பகுதியை வைத்து இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வேதாகமக் கல்லூரியில் கட்டுரை எழுதுபவருக்கும், பெண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் நடத்துபவருக்கும் இது பொருந்தும்.

முறையின் அடிப்படை இதுதான்: ஒரு வேதப்பகுதி யாருடைய பார்வையிலிருந்து எழுதப்பட்டது, யாருடைய நலனைக் காக்கிறது, யாரைப் பேசவிடாமல் செய்கிறது என்று கேட்பது. பெண்ணிய வேதாகம ஆய்வாளர் எலிசபெத் ஷுஸ்லர் ஃபியோரென்சா இதை நான்கு செயல்களின் தொடக்கமாக வைத்தார். முதலில் ஐயம். அடுத்து, இந்தப் பகுதியைச் சபையில் அறிவிக்கலாமா என்ற மதிப்பீடு. பிறகு மறைந்துபோன பெண்களை நினைவுகூர்தல். கடைசியாக, படைப்பூக்கத்தோடு புதிதாக்குதல். ஐயத்தோடு நின்றுவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. தேவையானவற்றை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலானவை செலவில்லாமல் கிடைக்கும். இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள் வேண்டும்: பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, திருவிவிலியம் போன்ற பிற்காலத்தது ஒன்று. கிரேக்க மூலத்துக்கு நெஸ்லே-ஆலந்து 28-ஆம் பதிப்பின் மூலப்பாடத்தை ஜெர்மன் வேதாகமச் சங்கத்தின் தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். கையெழுத்துப்படிகள் எங்கே வேறுபடுகின்றன என்று பக்கத்தின் அடியில் காட்டும் பாடபேதக் குறிப்புகளுக்கு மட்டும் அச்சுப் பதிப்பு வேண்டும். அதைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை. நூலகத்தில் அந்த ஒரு பக்கத்தை நகலெடுத்தால் போதும். கிரேக்கம் தெரியாதவர்கள் வரிக்கு வரி பொருள் தரும் பதிப்பை வைத்துக்கொண்டே இந்த வேலையைச் செய்துவிடலாம்.

விளக்கவுரைகள் மூன்று போதும். ஒன்று பழையது, இன்னொன்று இந்த வசனத்தை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும் என்று வாதிடுவது, மூன்றாவது பெண்ணிய ஆய்வாளர் எழுதியது. மூன்றாவதாக ஆன்டனெட் கிளார்க் வயர் 1990-இல் வெளியிட்ட, கொரிந்துவின் பெண் தீர்க்கதரிசிகளைப் பற்றிய நூல் கிடைத்தால் மிகவும் நல்லது. ஷுஸ்லர் ஃபியோரென்சாவின் 1983 நூலும் இந்த வசனத்தை விவாதிக்கிறது.

நேரத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் மூன்று நாள் விளக்கவுரைகளைத் திறக்கவே வேண்டாம். முதலில் அவற்றை வாசித்துவிட்டால், அவர்கள் கேட்ட கேள்விகள்தான் நம் மனதிலும் நிற்கும். நம் கேள்வி பிறக்காமலே போய்விடும்.

2. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்

இந்த வசனத்தை மேற்கோள் காட்டுபவர்கள் அநேகமாக இரண்டே வசனத்தைத்தான் வெட்டி எடுக்கிறார்கள். சபைகளில் பெண்கள் பேசாமல் இருக்க வேண்டும், பேச அவர்களுக்கு அனுமதி இல்லை, வேதமும் சொல்வதுபோல் அடங்கியிருக்க வேண்டும், எதையாவது கற்க விரும்பினால் வீட்டில் தங்கள் கணவரிடம் கேட்கட்டும், சபையில் பேசுவது பெண்ணுக்கு இழுக்கு. இவ்வளவுதான் அந்த இரண்டு வசனங்களின் சாரம்.

நீங்கள் 14:26-இலிருந்து 40 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். அதோடு 11:2-16-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கையால் எழுதுவது நல்லது. மெதுவாக எழுதும்போது, கண் தாண்டிப்போகும் இடங்கள் தெரியவரும்.

எழுதும்போதே ஒரு விஷயம் தட்டுப்படும். 11:5-இல் ஜெபிக்கிற, தீர்க்கதரிசனம் சொல்கிற பெண்ணைப் பற்றிப் பவுல் பேசுகிறார். அவள் பேசலாமா என்று அங்கே கேட்கவே இல்லை. தலையை மூடிக்கொண்டு பேசுகிறாளா என்பதுதான் அவருடைய கவலை. மூன்று அதிகாரம் தள்ளிப் பார்த்தால், பெண் வாயே திறக்கக்கூடாது. இந்த முரணை அவசரப்பட்டுச் சமாதானம் செய்துவிடாதீர்கள். இந்த ஆய்வு முழுவதும் இந்த முரண் என்ற ஆணியில்தான் தொங்குகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 11-ஆம் அதிகாரத்தைக் கண்டதும், “இதோ பவுல் பெண்களை அனுமதிக்கிறார்” என்று அதைக் கேடயமாகத் தூக்கிக்கொள்ளத் தோன்றும். அதே அதிகாரத்தின் 3-ஆம் வசனம் ஆணைப் பெண்ணுக்குத் தலை என்கிறது. 7-ஆம் வசனம் ஆணைத் தேவனுடைய சாயல் என்றும், பெண்ணை ஆணின் மகிமை என்றும் சொல்கிறது. ஒரு பகுதியை ஐயத்தோடும் இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டும் வாசித்தால், நமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தோம் என்றுதான் ஆகும்.

3. வாக்கியங்களிடம் கேள்வி கேளுங்கள்

ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடது பக்கம் பகுதி சொல்வதை எழுதுங்கள். வலது பக்கம் அது சொல்லாமல் விட்டதை எழுதுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் சில: யார் பேசுகிறார்? யாரை நோக்கி? யாரைப் பற்றி? யாருக்கு நிபந்தனை இருக்கிறது, யாருக்கு இல்லை? எது நடந்துகொண்டிருந்ததால் இந்தக் கட்டளை தேவைப்பட்டது?

14-ஆம் அதிகாரத்தில் ‘பேசாமல் இருக்கட்டும்’ என்பது மூன்று பேருக்குச் சொல்லப்படுகிறது. கிரேக்கத்தில் மூன்று இடத்திலும் ஒரே வினைதான்.

28-ஆம் வசனத்தில் அந்நியபாஷையில் பேசுபவர். பொருள் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவர் சபையில் பேசாமல் இருக்கட்டும். ஆள் இருந்தால் பேசலாம்.

30-ஆம் வசனத்தில் தீர்க்கதரிசனம் சொல்பவர். உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்கு வெளிப்பாடு வந்தால் முதலாமவர் நிறுத்திக்கொள்ளட்டும். அடுத்த முறை அவர் மறுபடியும் பேசலாம். 31-ஆம் வசனம் “எல்லாரும் ஒவ்வொருவராக” தீர்க்கதரிசனம் சொல்லலாம் என்றே சொல்கிறது.

34-ஆம் வசனத்தில் பெண்கள். இங்கே ‘இன்னது நடந்தால்’ என்பது கிடையாது. ‘இன்னது முடியும்வரை’ என்பதும் கிடையாது. முதல் இருவரும் என்ன செய்கிறார்கள் என்பதற்காக அமைதியாக்கப்படுகிறார்கள், அதுவும் சற்று நேரத்துக்கு. மூன்றாமவர் யார் என்பதற்காகவே அமைதியாக்கப்படுகிறார், காலவரை இல்லாமல்.

இதை நீங்களாகக் கண்டுபிடித்து வலது பக்கத்தில் எழுதும்போது முறையின் பலம் புரியும். “ஒழுங்குக்காகத்தான் சொன்னார்” என்று பலர் சொல்வார்கள். ஒழுங்குக்காக என்றால் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி விதி இருந்திருக்க வேண்டுமே?

அடுத்து 35-ஆம் வசனத்துக்கு வாருங்கள். “வீட்டில் தங்கள் கணவரிடம் கேட்கட்டும்.” சரி, கணவர் இல்லாதவர்கள் யாரிடம் கேட்பது? இதே கடிதத்தின் 7-ஆம் அதிகாரம் கன்னிகைகள், கைம்பெண்கள், விசுவாசியாத கணவரோடு வாழும் பெண்கள் என்று எல்லாரையும் பற்றிப் பேசுகிறது. கொரிந்து சபையில் அவர்கள் இருந்தார்கள். விசுவாசியாத கணவரிடம் போய் ஒரு பெண் தீர்க்கதரிசனத்தைப் பற்றி என்ன கேட்பாள்? அடிமைப் பெண்களின் நிலை இன்னும் மோசம். ரோமச் சட்டப்படி அடிமைகளின் திருமணம் செல்லாது. ஆக இந்தக் கட்டளை மனதில் வைத்திருக்கும் ‘பெண்’ யார்? விசுவாசியான கணவரோடு, சொந்த வீட்டில் வாழும் சுதந்திரமான மனைவி. மற்றவர்கள் வாயடைக்கப்படுகிறார்கள், கற்கும் வழியும் அவர்களுக்கு இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு வசனங்களும் பெண்களைப் பற்றிப் பேசுகின்றன. பெண்களை நோக்கிப் பேசவில்லை. “அவர்கள்” அமைதியாக இருக்கட்டும், “அவர்கள்” கேட்கட்டும். கடிதம் வாசிக்கப்பட்ட அறையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய தலைக்கு மேலாகத்தான் இந்தப் பேச்சு போகிறது.

4. கையெழுத்துப்படிகளைப் பாருங்கள், ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள்

இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். நகலெடுத்த பாடபேதக் குறிப்பு இங்கே உதவும். கி.பி. 200-ஐ ஒட்டிய பாப்பிரஸ் 46, பிறகு சினாய், வத்திக்கான், அலெக்சாந்திரியப் படிகள் எல்லாவற்றிலும் இந்த இரண்டு வசனங்களும் நாம் வாசிக்கும் இடத்திலேயே இருக்கின்றன. கிளாரமொந்தானுஸ் படியிலும், அதோடு சேர்ந்த மேற்கத்திய மரபுப் படிகள் சிலவற்றிலும் இவை 40-ஆம் வசனத்துக்குப் பிறகு வருகின்றன. இந்த வசனங்களே இல்லாத படி எதுவும் கிடைக்கவில்லை.

இந்த இட மாற்றத்தையும், 11:5-ஓடு வரும் முரணையும் வைத்து, யாரோ ஓரத்தில் எழுதிய குறிப்பு பிற்காலத்தில் உள்ளே ஏறிவிட்டது என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். கோர்டன் ஃபீ 1987 விளக்கவுரையில் இந்தப் பக்கம் நின்றார். எல்லாப் படிகளிலும் இருப்பதால் பவுலே எழுதியது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். பெண்ணிய ஆய்வாளர்களே இதில் ஒரே பக்கம் இல்லை. ஷுஸ்லர் ஃபியோரென்சாவும் வயரும் இதைப் பவுலின் சொல்லாகவே எடுத்துக்கொண்டு வாசித்தார்கள்.

வத்திக்கான் படியைக் கண்ணால் பார்க்க விரும்பினால், வத்திக்கான் நூலகத்தின் மின்தொகுப்பில் Vat.gr.1209 என்று தேடுங்கள். 14-ஆம் அதிகாரத்தின் இந்த இடத்தில் ஓரத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கும். பாடபேதம் உண்டு என்று காட்டும் பழைய குறி இது என்று ஃபிலிப் பெய்ன் 1995 முதல் வாதிட்டு வருகிறார். அந்தப் புள்ளிகள் எந்தக் காலத்தவை என்பதில் இன்னும் தகராறு. அதனால் உங்கள் வாதத்தை அதன்மேல் மட்டும் கட்டாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் பெரிய பொறி, “பவுல் எழுதவில்லை, பிரச்சினை முடிந்தது” என்று நிம்மதியாவது. பவுல் எழுதாவிட்டால் வேறு யாரோ எழுதினார்கள். அதைச் சபை ஏற்று, வேதமாக்கி, நூற்றாண்டுகளாக வாசித்தது. பெண்களை அமைதியாக்கியது அந்த எழுத்துதான். அதை எழுதியவரின் பெயர் மாறினால் அந்த விளைவு மாறப்போவதில்லை. இடைச்செருகல் என்றே வைத்துக்கொண்டாலும் ஐயநோக்கின் கேள்வி கூர்மையாகிறதே தவிர மறைவதில்லை: இந்த இடத்தில் இதைச் செருக வேண்டிய தேவை யாருக்கு வந்தது? 1 தீமோத்தேயு 2:11-12-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே பேச்சு அங்கேயும் இருக்கிறது.

5. விளக்கவுரைகளையும் ஐயத்தோடு வாசியுங்கள்

இப்போது மூன்று விளக்கவுரைகளையும் திறக்கலாம். பகுதியிடம் கேட்ட கேள்விகளை விளக்குபவரிடமும் கேளுங்கள். இந்த விளக்கத்தால் யாருக்கு லாபம்? யாருடைய பெயர் காப்பாற்றப்படுகிறது?

அடிக்கடி வரும் ஒரு விளக்கம்: கொரிந்துப் பெண்கள் சபை நடுவே தங்களுக்குள் அரட்டை அடித்தார்கள், எட்டி உட்கார்ந்த கணவரிடம் கத்திக் கேட்டார்கள், அதனால்தான் பவுல் தடுத்தார். இதைப் பிரசங்கத்தில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அரட்டை பற்றிப் பகுதியில் ஒரு சொல்கூட இல்லை. ‘பேசுவது’ என்று இங்கே வரும் வினைதான் இதே அதிகாரத்தில் அந்நியபாஷை பேசுவதற்கும், தீர்க்கதரிசிகள் பேசுவதற்கும் வருகிறது. ஆண்கள் பேசினால் வெளிப்பாடு, பெண்கள் பேசினால் அரட்டை என்று பிரித்தது விளக்குபவர். ஆண்களும் பெண்களும் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதற்கும் இந்தக் கடிதத்தில் ஆதாரம் கிடையாது. அவர்கள் கூடியது வீடுகளில். பவுலின் பெயரைக் காப்பாற்ற, முகமறியாத பெண்களின் பெயரைக் கெடுக்கும் விளக்கம் இது. மென்மையாகச் சொல்லப்படுவதால் ஆபத்து தெரிவதில்லை.

இரண்டாவது விளக்கம் எனக்கும் கவர்ச்சியாகத்தான் இருந்தது. 34-35 கொரிந்து ஆண்களின் கூற்று, பவுல் அதை மேற்கோளாகச் சொல்லிவிட்டு 36-இல் “தேவவசனம் உங்களிடமிருந்தா புறப்பட்டது?” என்று அவர்களைக் கண்டிக்கிறார் என்பது அது. இதே கடிதத்தில் கொரிந்தியரின் கூற்றுகளைப் பவுல் எடுத்துச் சொல்லி மறுப்பது உண்டு. 6:12-இல் “எல்லாவற்றுக்கும் எனக்கு அதிகாரம் உண்டு” என்பதைப் பாருங்கள். ஆனால் அங்கெல்லாம் கூற்று ஒரு வரிதான். உடனே “ஆனாலும்” என்று பவுல் திருத்துகிறார். இங்கே கூற்று நீளமானது, காரணங்களோடு வருகிறது, மேற்கோள் என்று காட்டும் குறி எதுவும் இல்லை. சாத்தியம் என்று எழுதுங்கள். நிரூபணம் என்று எழுதாதீர்கள். நமக்குச் சாதகமான விளக்கம் என்பதால் ஆதாரத்தின் அளவுகோலைத் தளர்த்தினால், அரட்டை விளக்கம் சொன்னவரிடம் கேள்வி கேட்கும் உரிமை நமக்குப் போய்விடும்.

மனைவிகளுக்கு மட்டும் சொன்னது என்பது மூன்றாவது. ஷுஸ்லர் ஃபியோரென்சா ஏறக்குறைய இப்படித்தான் வாசிக்கிறார். ஆனால் பவுலை விடுவிக்க அல்ல. திருமணமாகாத பெண்கள் கர்த்தருக்குரியவைகளில் கவலைப்படுகிறார்கள் என்று 7-ஆம் அதிகாரம் சொல்வதோடு இதை இணைத்து, மனைவியரின் பேச்சைக் குடும்ப ஒழுங்குக்குக் கீழே கொண்டுவரும் முயற்சி என்று காட்டுகிறார்.

6. “வேதமும் சொல்கிறது” என்ற இடத்தில் நிதானமாக நடங்கள்

பெண்ணிய வாசிப்புகளே தடுக்கி விழும் இடம் இது. 34-ஆம் வசனம் நியாயப்பிரமாணத்தைச் சாட்சிக்கு அழைக்கிறது. எந்த வசனம் என்று சொல்லவில்லை. தோராவில் பெண்கள் வழிபாட்டுக் கூட்டத்தில் பேசக்கூடாது என்ற கட்டளை இல்லை. ஆதியாகமம் 3:16-ஐ விளக்கவுரைகள் சுட்டுகின்றன. அதில் ஆளுகை உண்டு, அமைதி பற்றிய பேச்சு இல்லை.

இதைப் பார்த்ததும், “யூத ஆணாதிக்கம் பவுலுக்குள் எட்டிப்பார்க்கிறது, இயேசு தந்த விடுதலையை யூத மதம் கெடுத்துவிட்டது” என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். கிறிஸ்தவப் பெண்ணியம் தன் குற்றத்தை யூதர்மேல் இறக்கிவைக்கிறது என்று யூதப் பெண்ணிய இறையியலாளர் ஜூடித் பிளாஸ்கோ 1970-களின் கடைசியிலேயே எச்சரித்தார். ஒரு கூட்டத்துப் பெண்களை மீட்க இன்னொரு சமூகத்தை இழிவுபடுத்துவது ஐயநோக்கு ஆகாது. மிரியாம், தெபோராள், உல்தாள் ஆகிய பெண் தீர்க்கதரிசிகள் இருப்பது எபிரேய வேதத்தில்தான்.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கே பழகியது? ரோம வரலாற்றாசிரியர் லிவியின் 34-ஆம் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 195-இல் பெண்களின் நகைக்கும் உடைக்கும் கட்டுப்பாடு விதித்த ஓப்பியச் சட்டத்தை நீக்கச் சொல்லி ரோமப் பெண்கள் தெருவுக்கு வருகிறார்கள். அதை எதிர்த்து, அந்த ஆண்டின் ஆட்சித்தலைவர்களில் ஒருவரான காட்டோ பேசுவதாக லிவி எழுதும் உரையில், அடுத்தவர் கணவர்களிடம் ஏன் பேசுகிறீர்கள், இதையே வீட்டில் அவரவர் கணவரிடம் கேட்டிருக்கக்கூடாதா என்ற கேள்வி வருகிறது. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் மணமக்களுக்குச் சொன்ன அறிவுரையிலும், மனைவி கணவரிடமோ கணவர் வழியாகவோதான் பேச வேண்டும் என்கிறார்.

35-ஆம் வசனத்தையும் காட்டோவின் வரியையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். வெளியிடம் ஆணுக்கு, பெண்ணின் கேள்வி வீட்டுக்குள் என்பது அந்தப் பேரரசின் உயர்குடி ஆண்கள் பேசிப் பழகிய பேச்சு. கொரிந்துவோ ரோமக் குடியேற்ற நகரம். ‘இழுக்கு’ என்று 35-ஆம் வசனம் சொல்லும்போது யாருடைய கண்ணுக்கு இழுக்கு என்று கேட்க இப்போது உங்களிடம் காரணம் இருக்கிறது. லிவியிடமிருந்து இந்த வரி எடுக்கப்பட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பொதுவாகப் புழங்கிய பேச்சு என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

7. தடையைத் திருப்பிப் பிடித்துப் பெண்களைத் தேடுங்கள்

யாரும் செய்யாத ஒன்றைத் தடுக்கக் கட்டளை போடமாட்டார்கள். பேசாதே என்ற கட்டளை, பேசினார்கள் என்பதற்குச் சாட்சி. வயர் இதை முறையாக்கினார். பவுல் எந்த இடத்தில் அதிகமாக வாதாடுகிறாரோ, காரணத்துக்கு மேல் காரணம் அடுக்குகிறாரோ, அங்கே எதிர்ப்பக்கம் வலுவாக இருந்தது என்று கொள்ளலாம்.

இந்தப் படிக்கு மூன்று நிற மை எடுத்துக்கொள்ளுங்கள். பகுதி நேரடியாகச் சொல்வது ஒரு நிறம், அதிலிருந்து ஊகிப்பது இன்னொன்று, நாமே கற்பனையில் நிரப்புவது மூன்றாவது. நிறம் கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும், கற்பனை குற்றமில்லை.

முதல் நிறத்தில் எழுதக்கூடியவை இவை. கொரிந்துவில் பெண்கள் ஜெபித்தார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள் (11:5). சபைச் சண்டையைப் பவுலுக்குத் தெரியப்படுத்தியவர்கள் குலோவேயாளின் வீட்டார் (1:11). பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தங்கள் வீட்டில் கூடும் சபையோடு கொரிந்தியருக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள் (16:19). பக்கத்துத் துறைமுகமான கெங்கிரேயாவின் சபையில் ஊழியம் செய்தவள் பெபேயாள் (ரோமர் 16:1).

இரண்டாவது நிறத்துக்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. கலாத்தியர் 3:28-இல் மூன்று ஜோடிகள் வருகின்றன: யூதர்-கிரேக்கர், அடிமை-சுயாதீனர், ஆண்-பெண். 1 கொரிந்தியர் 12:13-இல் பவுல் அதே பாணியில் எழுதும்போது முதல் இரண்டு ஜோடிகள் மட்டும் வருகின்றன. மூன்றாவது காணோம். ஞானஸ்நானத்தில் ஆண்-பெண் வேறுபாடு நீங்கியது என்பதைக் கொரிந்துப் பெண்கள் செயலிலேயே காட்டிவிட்டார்கள், அதனால் அவர்களுக்கு எழுதும்போது பவுல் அந்த ஜோடியைத் தவிர்த்தார் என்று ஊகிக்கலாம். பலமான ஊகம்தான், ஆனாலும் ஊகம்.

மூன்றாவது நிறத்தில், கடிதம் சத்தமாக வாசிக்கப்பட்ட அந்த மாலையில், முந்தின வாரம் தீர்க்கதரிசனம் சொன்ன பெண் ஒருத்தி என்ன கேட்டிருப்பாள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அடிமைப் பெண் ஒருத்தியின் குரலிலும் ஒரு பக்கம் எழுதுங்கள். இரண்டு பக்கங்களும் ஒன்றுபோல வந்துவிட்டால் திரும்பவும் எழுத வேண்டும். முதலாளியின் மனைவிக்குக் கட்டப்பட்டது வாய் மட்டும்தான். அடிமைப் பெண்ணின் மேல் ஆண், உடைமையாளர், பேரரசு என்று பல அதிகாரங்கள் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஷுஸ்லர் ஃபியோரென்சா ஆணாதிக்கம் என்ற சொல் போதவில்லை என்று ‘கிரியார்க்கி’, அதாவது எசமான் ஆட்சி, என்ற சொல்லை உருவாக்கியது இதற்காகத்தான்.

8. மதிப்பிட்டு எழுதுங்கள்

பலர் இந்தப் படிக்கு நேரம் மிச்சம் வைப்பதில்லை. இரண்டாவது வாரத்தின் கடைசி மூன்று நாளை இதற்கென்றே வைத்துவிடுங்கள்.

கேள்வி நேரடியானது: இந்த இரண்டு வசனங்களும் இன்று சபையில் தேவனுடைய வார்த்தையாக அறிவிக்கப்படலாமா? என் பதில், கட்டளையாக அறிவிக்கக்கூடாது, மறைக்கவும் கூடாது. வாசிப்புப் பட்டியலிலிருந்து ஓசையில்லாமல் தள்ளிவிட்டால், அடுத்த முறை ஒரு பெண் பிரசங்கிக்க எழும்பும்போது யாரோ ஒருவர் அதை எடுத்து வீசுவார். பதில் சொல்லக் கூட்டத்தில் எவருக்கும் பழக்கம் இருக்காது. எப்படி ஒரு குரல் அடக்கப்பட்டது என்பதற்கான சாட்சியாக, 11:5-ஓடு சேர்த்து, விளக்கத்தோடு வாசிக்க வேண்டும். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். எந்த அளவுகோலால் வந்தீர்கள் என்பதை மட்டும் எழுதிவிடுங்கள். பெண்களின் முழு மனிதத்துவத்தை மறுப்பது தேவனுடைய வார்த்தையாக இருக்க முடியாது என்பது உங்கள் அளவுகோல் என்றால் அதை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். நடுநிலையில் நின்று எழுதுவதாகப் பாவனை செய்யும் கட்டுரையைவிட அது நேர்மையானது. எதிர்த்து வாதிடுபவருக்கும் எங்கே பிடிப்பது என்று தெரியும்.

கட்டுரை என்றால் வரிசை இப்படி அமையலாம்: அளவுகோல், 14:26-40-இன் வாசிப்பு, மூன்று அமைதிகளின் ஒப்பீடு, பாடபேதம் ஒரு பத்தி, விளக்கங்களின் விமர்சனம், பெண்களின் மீட்டெடுப்பு, முடிவு. பாடபேதம் மூன்று பக்கத்துக்கு நீண்டால் வெட்டுங்கள். அது நீளும்போதெல்லாம் பெண்கள் கட்டுரையிலிருந்து காணாமல் போகிறார்கள்.

வேதபாடம் என்றால் ஒன்றரை மணி நேரம் வேண்டும். முதலில் 14:26-40-ஐ ஒருவர் நிறுத்தாமல் வாசிக்கட்டும். உடனே விளக்கத் தொடங்காதீர்கள். இந்த வசனத்தை யார் யாரிடம், எப்போது கேட்டீர்கள் என்று பெண்களிடம் கேளுங்கள். இதற்கு அரை மணி நேரம் போனாலும் போகட்டும். ஷுஸ்லர் ஃபியோரென்சா பிற்காலத்தில் எழுதியபோது பெண்களின் அனுபவத்தையே முதல் படியாக வைத்தார். அப்புறம் 28, 30, 34 மூன்றையும் பலகையில் எழுதி, யாருக்கு நிபந்தனை இருக்கிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

“அப்படியானால் பவுல் இதை எழுதினாரா இல்லையா, அதைச் சொல்லுங்கள்” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இரண்டு பக்கத்து வாதத்தையும் ஆளுக்கு ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு கேட்டவரிடமே கேளுங்கள்: அவர் எழுதினார் என்று நாளைக்கே உறுதியானால், இந்தச் சபையில் பேசும் பெண்களை நீங்கள் நிறுத்துவீர்களா?